லோடுக்கு என்ன நின்றது?

ஒரு டன் கரும்புக்கு 3,151 ரூபாய். வானொலிச் செய்தியில் இந்த வரியை வாசிக்க ஐந்து விநாடிகூட ஆகாது. வாசித்து முடித்ததும் அடுத்த செய்திக்குப் போய்விடலாம். நானும் பல ஆண்டுகளாக விலை, விழுக்காடு, ஏற்றம், இறக்கம் என்று எண்களை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊடகவியல் படித்தபோது விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: ஓர் எண்ணைப் பார்த்தால், அது கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். 3,151 ரூபாய் யார் கைக்குப் போகிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரு துண்டுச் சீட்டு.

அந்தச் சீட்டு என் மாமாவுடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் கொஞ்சம் நிலம், அதில் கரும்பு. 2025 பிப்ரவரியில் அம்மாவுடன் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் அவருடைய வயலில் வெட்டு நடந்தது. ஒரு லோரி நிறைய கரும்பு ஏறி, ஆலைக்குப் போய், எடை போட்டு இறங்கியது. பிறகு நாங்கள் கோலாலம்பூர் திரும்பிவிட்டோம். ஏப்ரல் கடைசியில் அந்த ஒரு லோடுக்கான கணக்குச் சீட்டை மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரி: “பாரும்மா, இதான் நின்னது.”

‘நின்றது’ என்பது அங்கே நல்ல சொல். வந்த பணம் வேறு, நின்ற பணம் வேறு. கழித்ததெல்லாம் போகக் கையில் தங்குவதுதான் நின்றது. சீட்டை மேலிருந்து கீழாக வாசித்தால் அந்த வேறுபாடு புரியும்.

முதல் வரி எடை. கரும்பு ஏற்றிய லோரி ஆலையின் எடைமேடையில் ஏறியபோது 27,460 கிலோ. கரும்பை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்ப ஏறியபோது 9,160 கிலோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 18,300 கிலோ. அதுதான் கரும்பின் எடை. ஆனால் பணம் கணக்குப் போடுவது அதற்கில்லை. கரும்பைக் கட்டுக் கட்டாகத்தான் ஏற்றுவார்கள். கட்டுவதற்குக் கயிறு கிடையாது. கரும்பின் தோகையையே முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அந்தத் தோகையில் சீனி இல்லையே என்பதற்காக மாமாவின் ஆலையில் நூற்றுக்கு ஒன்று கழிக்கிறார்கள். 183 கிலோ போயிற்று. மிச்சம் 18,117 கிலோ.

எடையில் மாமா கவனமாகப் பார்ப்பது ஏற்றிய வண்டியின் எடையை அல்ல, காலி வண்டியின் எடையை. முதலாவது எடையின்போது எல்லாரும் மேடையைச் சுற்றி நிற்பார்கள். இரண்டாவது எடை இரவு இரண்டு மணிக்குக்கூட நடக்கும். அப்போது வண்டியில் நனைந்த தார்ப்பாய் கிடந்தாலும், இரண்டு ஆள் உட்கார்ந்திருந்தாலும், அடியில் கரும்புத் துண்டும் சேறும் ஒட்டியிருந்தாலும் காலி எடை கூடும். காலி எடை கூடினால் கரும்பின் எடை குறையும். நூறு கிலோ கூடினால் கரும்பு விலையில் முந்நூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். அதனால் மாமா அதே லோரி போன தடவை காலியாக எவ்வளவு நின்றது என்பதை ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஒரே வண்டியின் காலி எடை நடைக்கு நடை பத்து, இருபது கிலோ மாறினால் அது டீசல். இருநூறு கிலோ மாறினால் போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது வரி விலை. இதைத்தான் செய்தியில் வாசிக்கிறோம். இந்தியாவில் கரும்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் ‘நியாயமான ஆதாய விலை’ என்று ஒன்றை அறிவிக்கிறது. 2024-25 பருவத்துக்கு அது டன்னுக்கு 3,400 ரூபாய். பிறகு 3,151 எங்கிருந்து வந்தது? நூறு கிலோ கரும்பை ஆட்டினால் எத்தனை கிலோ சீனி கிடைக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சர்க்கரைக் கட்டுமானம் என்பார்கள். 3,400 ரூபாய் என்பது 10.25 கிலோ சீனி தரும் கரும்புக்கு. அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு கிராம் குறையும்போதும் டன்னுக்கு 33 ரூபாய் 20 காசு குறையும். 9.5 கிலோவுக்கும் கீழே போய்விட்டால் அதற்கு மேல் குறைக்கமாட்டார்கள். அந்த அடிமட்ட விலைதான் 3,151. மாமாவின் ஆலை அந்த அடிமட்டத்தில் இருக்கிறது.

இங்கே நான் கேட்ட முதல் கேள்வி, “மாமா, உங்கள் கரும்பு இனிப்பாக இருந்தால் உங்களுக்கு மட்டும் விலை கூடாதா?” என்பதுதான். அவர் சிரித்தார். “என் கரும்ப தனியா ஆட்டிப் பாப்பாங்களாம்மா? ஊர்க் கரும்பு எல்லாம் ஒரே தொட்டியிலதான் விழுது.” விலைக்கு எடுத்துக்கொள்வது முந்தைய பருவத்தில் அந்த ஆலை முழுவதற்கும் கிடைத்த சராசரி. பழைய இயந்திரத்தில் சாறு சரியாகப் பிழியாவிட்டாலும், வெட்டிய கரும்பு முற்றத்தில் காய்ந்து கிடந்தாலும் அந்தச் சராசரி இறங்கும். விவசாயி எடைக்குத்தான் பணம் வாங்குகிறார், இனிப்புக்கு அல்ல. ஆனால் ஆலையின் இனிப்பு குறைந்தால் அவருடைய விலை இறங்குகிறது.

18,117 கிலோவுக்கு 3,151 வீதம் 57,087 ரூபாய். சீட்டில் இதுதான் பெரிய எண். இதற்குக் கீழே கழிவுகள் தொடங்குகின்றன.

முதல் கழிவு வெட்டுக்கூலி. மாமாவின் வயலில் வெட்டியது பதினான்கு பேர் கொண்ட ஒரு குழு. பாதிப் பேர் கணவனும் மனைவியுமாக வந்தவர்கள். கரும்பைத் தூரோடு தரையொட்டி வெட்ட வேண்டும். தரைக்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டினால், அதிகக் கனமுள்ள அடிக்கரும்பு வயலிலேயே நின்றுவிடும். வெட்டியதைத் தோகை உரித்து, கொழுந்தைக் கழித்து, கட்டாகக் கட்டி, தலையில் தூக்கி, லோரியில் சாய்த்த பலகைமேல் நடந்து ஏறி அடுக்க வேண்டும். ஒரு லோடு நிறைய ஒன்றரை நாள் ஆனது. கூலி டன்னுக்கு 1,100 ரூபாய். இதை ஆலை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, மாமாவின் கணக்கில் கழித்துக்கொள்கிறது.

18,300 கிலோவுக்கு 1,100 வீதம் 20,130 ரூபாய். எடையைக் கவனித்தீர்களா? மாமாவுக்குப் பணம் கொடுக்கும்போது 18,117 கிலோ. கூலியைக் கழிக்கும்போது 18,300 கிலோ. வெட்டியவர் அந்தத் தோகையையும்தானே தூக்கினார் என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே லோடுக்கு வரவில் ஓர் எடை, செலவில் ஓர் எடை.

இந்த 20,130 ரூபாயைப் பார்த்து வெட்டுகிறவர்கள் கொழுத்துப்போகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மேஸ்திரியின் பங்கு போகப் பதினான்கு பேருக்குப் பிரித்தால், ஒன்றரை நாள் வேலைக்கு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். கரும்புத் தோகையின் ஓரம் கத்தி மாதிரி கீறும். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வெட்டுகிறார்கள். நம் நாட்டில் ரப்பருக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்க் கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நம்மில் சிலருடைய பாட்டன் பூட்டன் கையிலும் அந்தக் கீறல் இருந்திருக்கும்.

இந்தக் கூலி நிலையானதல்ல என்பதுதான் விவசாயிக்குத் தலைவலி. கரும்பு நேராக நின்றால் 1,100. காற்றடித்துச் சாய்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் குழு வரவே யோசிக்கும். அப்படி வந்தால் 1,400 கேட்கும். பக்கத்து வயலில் அதுதான் நடந்தது. இதே அளவு லோடுக்கு அங்கே 5,490 ரூபாய் கூடுதலாகக் கழிந்தது. சாய்ந்த கரும்புக்கும் ஆலை கொடுக்கும் விலை அதே 3,151தான். இயந்திரத்தை வைத்து வெட்டலாமே என்று கேட்டேன். மாமாவின் கரும்பு வரிசைகள் நெருக்கமானவை. அறுவடை இயந்திரம் உள்ளே போக வரிசைக்கு வரிசை நாலரை, ஐந்து அடி வேண்டும். அதற்கு அடுத்த நடவிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது கழிவு வண்டி வாடகை. அரசு சொல்லும் விலை ஆலை வாசலில் கொடுக்கும் விலை. வயலிலிருந்து வாசல்வரை கொண்டுபோகும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது ஆலைக்கு ஆலை மாறுகிறது. மாமாவின் ஆலை 24 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லோரியை ஆலையே அனுப்புகிறது. ஒரு பகுதியை அது ஏற்றுக்கொண்டு, டன்னுக்கு 250 ரூபாயை விவசாயி கணக்கில் கழிக்கிறது. இதற்கும் எடை 18,300 கிலோதான். 4,575 ரூபாய்.

சீட்டின் கடைசி வரி: 32,382 ரூபாய். டன்னுக்குப் பார்த்தால் சுமார் 1,770. செய்தியில் 3,151, கையில் 1,770.

சீட்டில் ஏறாத செலவும் உண்டு. ஓட்டுநருக்குப் படி, வெட்டுகிறவர்களுக்கு முதல் நாள் டீயும் சாப்பாடும், ஈர நிலத்தில் சக்கரம் புதைந்ததும் இழுக்க வந்த டிராக்டருக்குக் காசு. அந்த லோடுக்கு இப்படி 1,500 ரூபாய் போயிற்று. இதற்கு ரசீது கிடையாது. அத்தை மட்டும் மனக்கணக்காக வைத்திருக்கிறார்.

நான் நேரில் பார்த்திராவிட்டால் எனக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடிய ஒரு கழிவு இருக்கிறது. அது சீட்டில் எந்த வரியிலும் இல்லை. அன்று லோரி ஆலையை அடைந்தபோது முன்னால் நீண்ட வரிசை. ஆலையில் ஏதோ பழுது. இரண்டு நாள் கழித்துத்தான் எடைமேடையில் ஏறியது. வெட்டிய கரும்பு பிப்ரவரி வெயிலில் நாளுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எடை குறைந்துகொண்டே போகும். தண்ணீர் வற்றுகிறது, அவ்வளவுதான். இரண்டு நாளில் நூற்றுக்கு மூன்று காய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். வயலில் ஏறியபோது அந்தக் கரும்பு கிட்டத்தட்ட 18,870 கிலோ இருந்திருக்க வேண்டும். 570 கிலோ காற்றில் போய்விட்டது.

அந்த 570 கிலோவுக்கு யார் இழந்தார்கள் என்று மாமாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கரும்பு விலையில் சுமார் 1,780 ரூபாய் குறைந்தது. ஆனால் வெட்டுக்கூலியும் எடைமேடையில் வந்த எடைக்குத்தானே? அதிலும் 620 ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது. வண்டி வாடகையில் 140. ஆக, மாமாவுக்கு உண்மையில் நட்டம் ஆயிரம் ரூபாய். வெட்டியவர்களுக்கு நட்டம் அறுநூறு. அவர்கள் பச்சையாக வெட்டி, பச்சையாகத் தூக்கிய கரும்பு அது. ஆலையில் பழுது, அவர்கள் கூலியில் குறைவு. இதை மாமா சொல்லும்போது அவர் குரலில் தன் நட்டத்தைவிட அந்த அறுநூறுதான் உறுத்தியது. “அடுத்த வருசம் அவங்க வரணும் இல்லம்மா” என்றார். குழு வராவிட்டால் கரும்பு வயலிலேயே முற்றிப் பூத்துவிடும். பூத்த கரும்பு எடை குறையும்.

இதனால்தான் தெரிந்த விவசாயிகள் வெட்டு உத்தரவு கையில் வந்ததும் உடனே அரிவாளை வைக்க விடமாட்டார்கள். ஆலை ஓடுகிறதா, முற்றத்தில் எத்தனை வண்டி நிற்கிறது என்று முதல் நாள் ராத்திரி ஓட்டுநர்களிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்கள். நிற்கும் கரும்பு ஒரு நாள் கூடுதலாக நிற்பதால் நட்டம் இல்லை. வெட்டிய கரும்பு ஒரு நாள் கிடந்தால் நட்டம். மாமாவும் கேட்டார். அப்போது ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழுது மறுநாள் வந்தது.

கடைசியாக ஒன்று: நாள். இந்தியாவில் 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதமானால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. மாமாவுக்குப் பணம் வந்தது 71ஆம் நாள். 57 நாள் தாமதம். அவருக்குச் சேர வேண்டிய 32,382 ரூபாய்க்கு அந்த வட்டி சுமார் 758 ரூபாய். சீட்டில் வட்டி என்ற வரியே இல்லை. 758 ரூபாய் பெரிய தொகையா என்று நீங்கள் கேட்கலாம். மானிய விலையில் ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. ஏறக்குறைய மூன்று மூட்டை. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி கரும்பு தழைக்கும்போது உரம் போட வேண்டிய அதே வாரங்களில்தான் அவர் இந்தப் பணத்துக்குக் காத்திருந்தார். உரத்தைக் கடனில் வாங்கினார். அந்தக் கடைக்காரர் வட்டியை மறக்கவில்லை.

“போய்க் கேட்டால் என்ன, மாமா?” என்று தொலைபேசியில் கேட்டேன். கேட்கலாம். ஆனால் அவர் நிலம் அந்த ஆலைக்கு என்று ஒதுக்கிய பகுதியில் இருக்கிறது. கரும்பைப் பதிவு செய்வதும் அங்கே, வெட்டு உத்தரவு வாங்குவதும் அங்கே. அடுத்த ஆண்டு உத்தரவு டிசம்பரில் வருமா, ஏப்ரலில் வருமா என்பதும் அங்கேதான் இருக்கிறது. தனியாளாகக் கேட்கத் தயங்குவார்கள். சங்கமாகப் போனால் கேட்பார்கள். 71ஆம் நாள் பணம் வந்ததே சங்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் என்றார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் வேளாண் நிதிநிலை அறிக்கையில், அந்தப் பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. 3,151உடன் சேர்த்தால் 3,500. மாமாவின் இந்த லோடுக்கு அது 6,323 ரூபாய். இந்தப் பணம் ஆலையின் சீட்டில் வராது. அரசிடமிருந்து தனியாக, பின்னால் வரும். அதில் வெட்டுக்கூலியும் வாடகையும் கழியாது. அதனால் விவசாயிகளுக்கு இந்தத் தொகைமேல் தனிப் பிரியம். ஊக்கத்தொகை நூறு ரூபாய் கூடினால் நூறு ரூபாயும் கைக்கு வரும். கரும்பின் விலை கூடும்போது அப்படி இல்லை. முந்தைய பருவத்தில் அடிமட்ட விலை 2,919 ரூபாய் 75 காசு. 2024-25இல் 3,151 ஆனபோது 231 ரூபாய் ஏற்றம் என்று நாமெல்லாம் வாசித்தோம். மாமாவின் ஊரில் அதே ஆண்டு வெட்டுக்கூலி 950இலிருந்து 1,100 ஆனது. ஏற்றத்தில் 150 அங்கேயே போய்விட்டது. அவருக்கு நின்றது 81.

இந்தச் சீட்டை வைத்துத்தான் மாமா ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கட்டையை விட்டு மறுதாம்புக் கரும்பு எடுப்பதா, தோண்டி எறிந்துவிட்டுச் சவுக்கு வைப்பதா? சவுக்குக்கு ஆள் வேண்டாம், வெட்டு உத்தரவு வேண்டாம். ஆனால் நாலைந்து வருடம் வருமானமும் வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும். மறுதாம்புக்கு விதைக்கரணைச் செலவும் நடவுச் செலவும் மிச்சம். அந்த மிச்சம் இருப்பதால்தான் டன்னுக்கு 1,770 ரூபாயில் இன்னும் ஓர் ஆண்டு ஓட்டலாம் என்று அவர் கணக்குப் போட்டார். பாதி நிலத்தில் கட்டை நிற்கிறது. மறு பாதியில் சவுக்குக் கன்று ஊன்றிவிட்டார்.

அந்தப் பாதியையாவது ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் விலை இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை. “அந்தப் பக்கம் கரும்பு சாயலம்மா. நேரா நிக்குது. ஆளுங்க வருவாங்க.”